‘வரப் பார்க்கிறேன்’ என்று எழுதாதீர்கள்

கொழிஞ்சாம்பாறையில் நாகசுர செட் ஒன்றை நடத்திவருகிறேன். உடல்நலம் கெட்டுக் கடைசி நேரத்தில் நிகழ்ச்சிக்கு வர இயலாத இளைஞர்கள் அனுப்பும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், என் இளமையில் நானே எழுதிய அபத்தங்கள் நினைவுக்கு வருகின்றன. தகவலே சொல்லாமல் போனை அணைத்துவிடுவது தவறு என்பது எல்லாருக்கும் தெரியும். சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்லாமல் விடுவதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

வருவதா இல்லையா என்பதை மூடி மறைத்தல்

சில ஆண்டுகளுக்கு முன், சித்தூரில் ஒரு கல்யாணம். பாலக்காட்டுச் சித்தூரைத்தான் சொல்கிறேன். முகூர்த்தம் காலை ஒன்பதரைக்கு. சிறிய செட் என்பதால் தவில் ஒன்றுதான். விடிகாலை 4.50க்குத் தவில்காரரிடமிருந்து வாட்ஸ்அப்பில் இப்படி வந்தது: “அண்ணே, நேத்து ராத்திரியிலிருந்து உடம்புக்கு முடியலை. வயிறு ஒரே கலக்கல், மூணு தடவை போயாச்சு. எப்படியும் வரப் பார்க்கிறேன்.”

வர மாட்டேன் என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். மூத்தவரிடம் ‘முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்வது மரியாதையாகாது என்ற கூச்சம் அவருக்கு. நானோ ‘வரப் பார்க்கிறேன்’ என்ற இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டு ஏழரை மணிவரை காத்திருந்தேன். அதன்பின் பொள்ளாச்சியில் எனக்குத் தெரிந்த தவில்காரரைக் கூப்பிட்டபோது, அன்று முகூர்த்த நாள் என்பதால் அவர் அரைமணி நேரத்துக்கு முன்புதான் வேறொரு மண்டபத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கே கேட்டிருந்தால், கோபாலபுரம் வழியாக முகூர்த்தத்துக்கு வெகு முன்பாகவே வந்து சேர்ந்திருப்பார். கடைசியில், வாசலில் வரவேற்புக்காக நின்றிருந்த செண்டைக்காரர் ஒருவரைக் கெஞ்சி உள்ளே அழைத்துவந்து, கெட்டிமேளத்துக்குச் செண்டை கொட்ட வைத்தேன். பேசிய தொகையில் பாதியைப் பெண் வீட்டாருக்குத் திருப்பிக் கொடுத்தேன். இன்றும் அந்த மண்டபத்தின் வழியாகப் போகும்போது எரிச்சல் வருகிறது.

அந்தச் செய்தியில் எனக்குத் தேவையற்ற வயிற்றுக் கதை முழுதாக இருந்தது. நான் அறிய வேண்டிய ஒன்றே ஒன்று இல்லை. அவர் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்:

“அண்ணே, இன்று சித்தூருக்கு வர முடியாது. உடம்பு சரியில்லை. வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பணத்தை இன்றே அனுப்பிவிடுகிறேன். மன்னிக்கவும்.”

‘வர முடியாது’ என்பது முதல் வாக்கியத்திலேயே இருப்பதைக் கவனியுங்கள். பூட்டிய திரையில் செய்தியின் தொடக்கம் மட்டுமே தெரியும். வண்டியில் வாத்தியம் ஏற்றிக்கொண்டிருப்பவன் அதற்குமேல் திறந்து படிப்பதில்லை. ‘உடம்பு சரியில்லை’ என்பதும் முழு உண்மைதான்; எந்த உறுப்பில் என்ன கோளாறு என்பதைச் சொல்லாமல் விடுவது பொய்யாகாது. “என்ன ஆச்சு?” என்று யாரேனும் துருவினால், “டாக்டரைப் பார்க்கப் போகிறேன், பிறகு பேசுகிறேன்” என்று எழுதி நிறுத்திக்கொள்ளலாம். இல்லாத காய்ச்சலைச் சொன்னால் மட்டும், அடுத்த வாரம் சந்தையில் எதிர்ப்படுபவர்களிடமெல்லாம் அந்தக் காய்ச்சலைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

தொற்று நோயையும் மறைத்தல்

விவரத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் உரிமைக்கு இங்கே ஓர் எல்லை உண்டு. அம்மை போட்டிருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே பிறருக்குத் தொற்றும். ஆகவே நேற்று உங்களோடு ஒரே வேனில் வந்தவரின் வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால், அவர்கள் உடனே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். வாட்ஸ்அப் குழுவில் போடாமல் செட் தலைவரிடம் மட்டும் சொல்லுங்கள். உங்கள் பெயரை எடுக்காமல் மற்றவர்களுக்குத் தெரிவிப்பது அவர் பொறுப்பு.

மருந்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்புதல்

நம்பமாட்டார்களோ என்ற பயத்தில் ஒரு பையன் சீட்டை அனுப்பினான். காய்ச்சல் மாத்திரைக்குக் கீழே அவன் வழக்கமாகச் சாப்பிடும் தூக்க மாத்திரையும் இருந்தது. நான் அந்தப் படத்தை அழித்துவிட்டேன். எல்லாரும் அழிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

குழுவில் மட்டும் போடுதல்

எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னது யாருக்கும் சொன்னதாகாது.

ஒற்றை டிக்கோடு நிம்மதி அடைதல்

செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை என்று பொருள். போன் செய்யுங்கள்.

தமிழில் எழுதி அனுப்புதல்

எங்கள் பக்கத்து மலையாளிகள் பலர் நம்மைவிடச் சரளமாகத் தமிழ் பேசுவார்கள். ஆனால் தமிழ் எழுத்து தெரியாது. நான் ஒருமுறை விடிகாலையில் நீளமாக, மிகுந்த பணிவோடு தமிழில் எழுதி அனுப்பியதைப் படிக்க, அந்த வீட்டுக்காரர் தம் எஸ்டேட் வேலையாள் வரும்வரை காத்திருந்திருக்கிறார். என் மூலநோய் விவரமும் அப்படித்தான் அந்த வேலையாள் வாயால் உரக்க வாசிக்கப்பட்டது. இப்போதெல்லாம், “சேட்டா, இன்று வர முடியாது, சுகமில்லை” என்று பத்து விநாடி குரல் பதிவு மட்டுமே அனுப்புகிறேன்.