கிளையண்ட் கம்பெனியில் மோசடி தெரிந்தால் ஆடிட்டர் செய்ய வேண்டியது

பெயரையும் சரக்கையும் மாற்றிச் சொல்கிறேன். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. தூத்துக்குடி துறைமுகத்துக்குச் சரக்கு போனதாக ஒரே டிரான்ஸ்போர்ட்டரின் பில்கள் வரிசையாக இருக்கின்றன. பில்லில் உள்ள வண்டி எண்ணை வாகன் தளத்தில் போட்டால் மோட்டார் சைக்கிள் என்று வருகிறது.

இந்த இடத்தில் அது வெறும் சந்தேகம்தான். எண்ணைத் தப்பாக எழுதியிருக்கலாம். இ-வே பில், எடைச்சீட்டு, ஃபாஸ்டேக் பதிவு மூன்றையும் கேளுங்கள். போட்டோவைவிட அசல் சீட்டைப் பார்ப்பதே எனக்குப் பிடித்த வழி. மூன்றுமே இல்லை, பணம் போன வங்கிக் கணக்கு டெஸ்பாட்ச் மேனேஜரின் மைத்துனருடையது என்று தெரிந்தால், மோசடி என்று நம்புவதற்குக் காரணம் வந்துவிட்டது. அந்தத் தேதியை ஒர்க்கிங் பேப்பரில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

பலரும் தடுமாறுவது இந்தத் தேதிக் கணக்கில்தான். தொகை 1.3 கோடி, தெரிந்த நாள் ஜூன் 10 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிகள் சட்டம் 143(12)-ன்படி, ஜூன் 12-க்குள் இயக்குநர் குழுவுக்கோ ஆடிட் கமிட்டிக்கோ எழுத்தில் அறிக்கை தர வேண்டும். பதில் சொல்ல அவர்களுக்கு 45 நாள், அதாவது ஜூலை 27 வரை. ஜூலை 20-ல் பதில் வந்தால், அதிலிருந்து 15 நாளுக்குள், ஆகஸ்ட் 4-க்குள், உங்கள் கருத்தையும் சேர்த்து ADT-4 படிவத்தில் மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும். பதிலே வராவிட்டாலும் அதைக் குறிப்பிட்டு அனுப்பத்தான் வேண்டும். கம்பெனி விவகாரத் துறைச் செயலாளருக்கு மூடிய உறையில் ஸ்பீடு போஸ்ட், அதன்பின் மின்னஞ்சல். முன்பு நான் ஒப்புகையுள்ள பதிவுத் தபாலைத்தான் சொல்வேன், 2025 செப்டம்பரில் அது ஸ்பீடு போஸ்டுடன் இணைந்துவிட்டது.

எம்.டி. அண்ணாச்சி கூப்பிட்டு, “சார், நம்ம பய தான், பணத்தை வாங்கிட்டேன், வெளிய போக வேண்டாம்” என்பார். பணம் திரும்பினாலும் நடந்த குற்றம் நடந்ததுதான், அறிக்கை அனுப்புவதை நிறுத்த முடியாது. ரகசியக் காப்பை மீறுகிறோமோ என்ற பயமும் வேண்டாம். 1949-ஆம் ஆண்டு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்ஸ் சட்டமே, சட்டம் கேட்கும் வெளிப்படுத்தலுக்கு விலக்கு தருகிறது. நல்லெண்ணத்தில் செய்த அறிக்கையால் கடமை மீறல் ஆகாது என்று கம்பெனிகள் சட்டம் 143(13) சொல்கிறது. ஆனால் அந்த விலக்கு சட்டம் கேட்கும் பாதைக்கு மட்டுமே. வங்கி மேனேஜரிடமோ டிரான்ஸ்போர்ட் சங்கத்திலோ வாய்விட்டால் அது தொழில் ஒழுங்கீனம்.

1 கோடிக்குக் கீழ் என்றால் அரசுக்குப் போக வேண்டாம். அதே 2 நாளில் குழுவுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் தங்கள் இயக்குநர் குழு அறிக்கையில் வெளியிட வேண்டும்.

பின்சேர்க்கை: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி, பார்ட்னர்ஷிப் கடையென்றால் என்ன செய்வது என்று கேட்டார். 143(12) கம்பெனிக்கு மட்டும்தான். அங்கே பங்குதாரர்களிடம் எழுத்தில் சொல்லுங்கள், அவர்கள் திருத்தாவிட்டால் அறிக்கையில் அதற்கேற்பக் குறிப்பிடுங்கள், தேவைப்பட்டால் விலகுங்கள். அதிகாரி சட்டப்படி சம்மன் அனுப்பினால் மட்டும், கேட்டதை மட்டும் கொடுங்கள்.