வேலியை நம்பி மரம் தறிக்கப் போகாதீர்கள்

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் பின்வளவில் சின்ன வீடு கட்ட, பேஸ்மென்ற்றுக்குத் தனி வாசல் வைக்க என்று வருகிறவர்களுக்கு வரைபடம் கீறிக் கொடுப்பது என் தொழில். வளவில் பெரிய மரம் நின்றால் மரப் பெர்மிட் வேலையும் கூடவே வந்துவிடும். இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பெடியள், நான் தொடக்கத்தில் விட்ட பிழைகளை வரிசை தப்பாமல் விடுகிறார்கள். கையெழுத்து இல்லாத படிவம், கட்டாத கட்டணம் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றைச் சிற்றியே திருப்பி அனுப்பிச் சொல்லித் தந்துவிடும்.

ரொறன்ரோ விதி சுருக்கமாக இதுதான்: நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளக்கும்போது அடிமரத்தின் விட்டம் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால், அது உங்கள் சொந்த வளவு மரமானாலும், தறிக்கவோ காயப்படுத்தவோ அனுமதி வேண்டும். தையல் நாடாவைச் சுற்றிப் பிடித்தால் 94 சென்ரிமீற்றருக்கு மேல் வரும் மரமெல்லாம் இதற்குள் அடங்கும். மீறினால் ஒரு மரத்துக்கு 500 டொலரிலிருந்து 100,000 டொலர்வரை தண்டம் விதிக்க இடமிருக்கிறது.

வேலிதான் எல்லை என்று எடுத்துக்கொள்வது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதற்குத்தான். மரம் யாருடையது என்ற கேள்வியை ஆட்கள் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

ஒரு குடும்பம் பின்வளவில் சின்ன வீடு கட்ட விரும்பியது. வேலியோரம் 68 சென்ரிமீற்றர் விட்டத்தில் ஒரு சில்வர் மேப்பிள் நின்றது. வேலிக்கு இந்தப் பக்கம்தான் மரம், சந்தேகமே வேண்டாம் என்றார் வீட்டுக்காரர். மர நிபுணர் வந்து பார்த்து, அதையே நம்பி அறிக்கையில் ‘விண்ணப்பதாரரின் மரம்’ என்று எழுதிவிட்டார். விண்ணப்பமும் போய்விட்டது. சிற்றியின் வனப்பிரிவிலிருந்து பார்வையிட வந்த பெண் மரத்தைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், கேட்டது ஒன்றுதான்: “சர்வே எங்கே?”

வீடு வாங்கியபோது லோயர் கொடுத்த உறைக்குள் சர்வே மடித்தபடியே இருந்தது. விரித்து அளந்து பார்த்தால், உண்மையான எல்லை வேலிக்கு 50 சென்ரிமீற்றர் உள்ளே, எங்கள் பக்கமாக ஓடுகிறது. வேலியிலிருந்து அடிமரத்தின் நடுப்புள்ளிக்கு 70 சென்ரிமீற்றர். அப்படியென்றால் எல்லைக்கும் நடுப்புள்ளிக்கும் இடையில் மிஞ்சுவது 20 சென்ரிமீற்றர். மரத்தின் அரைவிட்டமோ 34. அதாவது அடிமரம் 14 சென்ரிமீற்றர் பக்கத்து வளவுக்குள் நிற்கிறது.

வேலி ஏன் அங்கே போனது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. வேலி போடுகிறவர் கட்டைக்குக் கிடங்கு தோண்டும்போது வேர் தட்டுப்பட்டால் மரத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். பிறகு வருகிற ஆட்கள் அதையே எல்லை என்று நம்பிக்கொள்கிறார்கள். பழைய பெரிய மரம் நிற்கிற இடத்தில்தான் வேலி பிழையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்ராறியோவின் வனச் சட்டப்படி, அடிமரம் எல்லையில் வளர்ந்தால் அந்த மரம் இரு வீட்டாருக்கும் பொதுச் சொத்து. மற்றவரின் சம்மதமில்லாமல் அதைத் தறிப்பதும் காயப்படுத்துவதும் குற்றம். சிற்றியின் பெர்மிட் கையில் இருந்தாலும் இது மாறாது. ‘அடிமரம்’ என்பது எதுவரை என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. மண்ணைத் தொடும் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. வேரிலிருந்து மேலெழும் இடம் தொடங்கி, கிளை பிரியும் இடம்வரை முழுவதும் அடிமரம்தான் என்று ரொறன்ரோவின் ஒரு நோர்வே மேப்பிள் வழக்கில் நீதிமன்றம் சொன்னது. 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே உங்கள் மண்ணில் முளைத்து, சாய்ந்து வளர்ந்து, தலை உயரத்தில் எல்லையைத் தாண்டும் மரத்திலும் அயலவருக்குப் பங்கு உண்டு.

அந்தக் குடும்பத்தின் கதைக்கு வருகிறேன். அயலவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்றதும் வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. பனி தள்ளுகிற சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் கேட்டார். அந்த மனிதர் படிவத்தைக்கூடக் கையில் வாங்கவில்லை: “கோடைக்கு எனக்கு நிழல் தாறதே அந்த மரம்தான்.” அவர் சொன்னதிலும் பிழையில்லையே.

மரம் நிற்கத்தான் போகிறது என்று ஆனபின், வீட்டைத்தான் நகர்த்த வேண்டியிருந்தது. 61 முதல் 70 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மரத்துக்கு, அடிமரத்தின் வெளிவிளிம்பிலிருந்து 4.2 மீற்றருக்குள் தோண்டக் கூடாது, மண் குவிக்கக் கூடாது, கல் அடுக்கக்கூடக் கூடாது. அதற்குள் கை வைப்பதென்றால் ‘காயப்படுத்தும்’ அனுமதி தனியாக எடுக்க வேண்டும். பொது மரம் என்பதால் அதற்கும் அதே அயலவரின் சம்மதம் வேண்டும். அத்திவாரம் முழுவதையும் மறுகோடிக்குத் தள்ளி, வரைபடம், மர அறிக்கை எல்லாம் புதிதாகச் செய்தோம். மர நிபுணருக்கு இரண்டாம் தரம் காசு, எனக்கு இரண்டாம் தரம் காசு, அதற்குள் கட்டுமானக்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

உறையைத் திறந்து பார்க்க எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? சர்வே இல்லாத வீடென்றால் நில அளவையாளரைக் கூப்பிட்டு அந்த ஒரு எல்லையையாவது கட்டை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். காசு போகும்தான். மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை.

முன்வளவு மரத்துக்கு விண்ணப்பிப்பது

அதே சர்வேயில் வீட்டின் முன்பக்கத்தையும் பாருங்கள். நடைபாதையோடு உங்கள் காணி தொடங்குகிறது என்று நினைப்பீர்கள். பல தெருக்களில் எல்லைக்கோடு சில மீற்றர் உள்ளே தள்ளித்தான் இருக்கும். அந்தத் துண்டில் புல் வெட்டுவது நீங்கள், மரம் சிற்றியுடையது. அதில் எந்த அளவு மரமானாலும், கிளை ஒன்றைக்கூட நீங்களாக வெட்ட முடியாது. 311க்கு அழைத்துச் சொன்னால் அவர்களே வந்து பார்ப்பார்கள்.

“இலை கொட்டுது” என்று காரணம் எழுதுவது

எழுதாதீர்கள். நல்ல மரத்தைத் தறிக்க அது காரணமாகாது.

பட்ட மரத்துக்கு அனுமதி தேவையில்லை என்று வாளை எடுப்பது

பட்டுப்போன மரத்துக்கும் விழப்போகிற மரத்துக்கும் விலக்கு உண்டு, சரி. ஆனால் பட்டது என்று தீர்மானிப்பது நீங்களோ மரம் வெட்டுகிறவரோ அல்ல. படங்களை, முடிந்தால் மர நிபுணரின் குறிப்போடு, முதலில் சிற்றிக்கு அனுப்பி, ஒத்துக்கொண்டு பதில் வந்தபின் வெட்ட வேண்டும். தறித்து விறகாக்கிய மரம் பட்டதா இல்லையா என்று பிறகு நிரூபிக்க முடியாது. படம் எடுப்பதைக் கோடையில் செய்யுங்கள். தை மாதத்தில் ஸ்காபரோவில் எந்த மேப்பிளைப் பார்த்தாலும் பட்ட மரம் போலத்தான் இருக்கும்.

கிளை கழிப்பதையும் தறிப்பதையும் ஒன்றாக நினைப்பது

முறைப்படி கிளை கழிக்க உங்கள் மரத்துக்கு அனுமதி வேண்டாம். தலையை மொட்டையடித்தால் அது ‘காயப்படுத்துதல்’.

அனுமதி வந்த கையோடு வெட்டுவது

சித்திரை பிறந்து ஆவணிவரை மேலே ஒருமுறை நன்றாகப் பாருங்கள். முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கலைப்பது, நாடுவிட்டு நாடு வரும் பறவைகளுக்கான கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். சிற்றியின் பெர்மிட் அதற்குச் செல்லாது. கூடு இருந்தால் குஞ்சு பறக்கும்வரை வேலையைத் தள்ளிப்போடுங்கள், மரம் வெட்டுகிறவரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.