முறைப்பாட்டில் எந்தச் சொல்?

கொழும்பில் ஓர் அரச கந்தோர். மேலதிகாரி எல்லோரையும் ஏசினால் அது பொதுவான துர்நடத்தை. ஒருவரையே விடாமல் மட்டம் தட்டினால் கொடுமைப்படுத்தல். பாலியல் பேச்சு, சீண்டல் என்றால் பாலியல் தொந்தரவு. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் குற்றம், பொலிசுக்கே போகலாம்.

தமிழில் பேசுகிறவர் என்பதற்காகவே ஏசினால்? அது பாகுபாடு, அரசியலமைப்பின் 12(2) தடுப்பது. இதை வெறும் 'மரியாதைக் குறைவு' என்று எழுதினால் உள்விசாரணையோடு கோப்பு மூடப்படலாம். அடிப்படை உரிமை மனுவுக்கோ ஒரு மாதம்தான் அவகாசம். சரி, பாகுபாடு என்று எழுதினால் போதுமா? அதே பிழைக்குச் சிங்களம் பேசும் சகாவை ஏசவில்லை என்பதைத் திகதியோடு காட்ட வேண்டும். தனியார் கம்பனி என்றால் இந்த மனு வழி பொதுவாகக் கிடையாது.