செல்ஃபியிலிருந்து 1925ஆம் ஆண்டின் ஸ்டூடியோ படம்: ஏஐ கருவிக்கு விவரணை எழுதும் முறை

ஏஐ கருவியிடம் ‘பழைய காலத்துப் படமாக மாற்று’ என்று மட்டும் எழுதினால், பழுப்பு நிறமும் கீறல்களும் ஏறிய இன்றைய படமே திரும்பி வரும். எனவே முதலில் ஒரு காலத்தையும் இடத்தையும் முடிவு செய்துகொள்ளுங்கள். இங்கே 1925ஆம் ஆண்டு வாக்கில் ஓர் ஐரோப்பிய ஸ்டூடியோவில் எடுத்தது போன்ற பெண்ணின் படத்தை எடுத்துக்கொள்வோம்.

முதல் படி செல்ஃபிதான். கையை நீட்டி மிக அருகில் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் தெரியும். அந்த முகம் எந்த உடையிலும் செல்ஃபியாகவே இருக்கும். போனை ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்து, டைமர் போட்டு, ஒரு பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து துணி. துணியின் பெயரோடு, அது ஒளியை எப்படி வாங்குகிறது என்பதையும் எழுத வேண்டும். வெல்வெட் நேராகப் பார்க்கும் இடத்தில் ஒளியை விழுங்கிக் கருமையாகவும், மடிப்பின் விளிம்பில் மட்டும் மெல்லிய வெளிச்சக் கோடாகவும் தெரியும். சாட்டினோ மடிப்பின் மேட்டில் பளீரென்று மின்னும். இதைச் சொல்லாவிட்டால் கருவி பெரும்பாலும் இரண்டையும் ஒரே மினுமினுப்பில் வரைந்துவிடும். கூந்தலுக்கு ‘தாடை வரை வெட்டிய பாப், தலையோடு ஒட்டிய எஸ் வடிவ அலைகள்’ என்று எழுதினால் போதும்.

படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் புள்ளிகளான ஃபிலிம் மணிகளில்தான் பலரும் தவறுகிறார்கள். அன்றைய ஸ்டூடியோக்களில் பெரிய கண்ணாடித் தகட்டிலோ பெரிய ஃபிலிம் தாளிலோ எடுத்து, பெரும்பாலும் அதே அளவில் அச்சிட்டதால், மணிகள் கண்ணுக்குத் தெரிவதே அரிது. சொரசொரப்பான மணிகள் சிறிய ஃபிலிமைப் பெரிதாக்கும்போது வருபவை. காலத்தைக் காட்டுவது நிறங்கள் சாம்பலாக மாறும் விதம்: அப்போது பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிம் சிவப்பை உணராது என்பதால், சிவந்த உதடு கறுத்தும் நீலக் கண் வெளுத்தும் பதிந்தன.

இவற்றைச் சேர்த்தால் விவரணை இப்படி அமையும்:

```
முகத்தின் அமைப்பையும் தோலின் இயல்பையும்
மாற்றாதே. 1925, ஸ்டூடியோ, கறுப்பு வெள்ளை.
கருநிற வெல்வெட் உடை; மடிப்பு விளிம்பில்
மட்டும் ஒளி. தாடை வரை பாப், ஒட்டிய அலைகள்.
இடப்பக்கத்து ஜன்னலின் மென்மையான ஒளி.
உதடு கறுத்து, மணிகள் மிக நுண்மையாக.
```

ஒளியின் திசை செல்ஃபியில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். மூக்கின் நிழல் ஒரு பக்கமும் கழுத்தின் நிழல் மறுபக்கமும் விழுந்தால், விவரணையின் ஜன்னல் ஒளி வரி செல்ஃபியோடு பொருந்தவில்லை என்று அறியலாம்.

வந்த படத்தில் பிழை இருந்தால், அந்தப் படத்தையே மீண்டும் திருத்தச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு திருத்தத்திலும் கண்ணும் தாடையும் சிறிது விலகி, நான்காம் முறையில் வேறொருவர் அமர்ந்திருப்பார். விவரணையில் ஒரே ஒரு வரியை மாற்றி, மூல செல்ஃபியிலிருந்தே தொடங்குங்கள். இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, இமையின் மடிப்பையும் மச்சங்களையும் முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள்.