வகுப்புக் கோப்புறையும் பொய்யான பிறந்த ஆண்டும்

வார இறுதிகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி கற்றுத்தருகிறேன். புதிதாக வந்த ஆசிரியர்கள் இருவர், என் முதலாண்டுத் தவறுகளையே திரும்பச் செய்வதைக் கண்டு இதை எழுதுகிறேன். கடவுச்சொல்லைக் கரும்பலகையில் எழுதக்கூடாது என்பது போன்றவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வயதை ஏற்றிப் போடுவது

13 வயது நிரம்பாத பிள்ளைக்குக் கூகுள் கணக்கு தொடங்கும்போது உண்மையான பிறந்த தேதியை இட்டால், பெற்றோரின் கணக்கும் சம்மதமும் கேட்கப்படும். வகுப்பு தொடங்கக் கால் மணி நேரமே இருந்த ஒரு நாளில், 11 வயது மாணவிக்குப் பிறந்த ஆண்டை 2000 என்று போட்டுக் கணக்கைத் திறந்தவன் நானேதான். அறிவியல் செயல்திட்டத்துக்கான ஸ்லைடுகளை அவள் அந்தக் கணக்கில் உருவாக்க, குழுவின் மற்ற ஐந்து பேரும் அதிலேயே இரண்டு மாதம் உழைத்தார்கள். பிறகொரு நாள், பிறந்த ஆண்டு தவறாக இருக்கிறதே என்று அவளே நேர்மையாகத் திருத்திவிட்டாள். பெற்றோர் மேற்பார்வையை ஏற்படுத்த 14 நாள் அவகாசம் இருந்தது. அந்த அறிவிப்பைப் பார்த்தவள் அவள் மட்டுமே, அதன் பொருளும் அவளுக்குப் புரியவில்லை. கணக்கு முடக்கப்பட்டது, பின்பு நீக்கப்பட்டது. ஸ்லைடுகள் ஆறு பேருக்கும் இல்லாமல் போயின.

கோப்பு என் வகுப்புக் கோப்புறைக்குள்தானே இருந்தது என்று அப்போது வாதிட்டேன். தனிநபர் கூகுள் டிரைவில் கோப்புறை யாருடையதாக இருந்தாலும், கோப்பு அதை உருவாக்கியவருக்கே சொந்தம். அதன் அளவு அவருடைய 15 ஜிபி இடத்தில்தான் கழியும், அவர் கணக்கு போனால் அதுவும் போகும். கோப்பின் விவரப் பலகத்தில் `Owner` என்ற வரியைப் பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே எனக்கு விளங்கியிருக்கும்.

இப்போது பெற்றோர் ஒருவரை அருகில் அமர்த்தி, உண்மையான தேதியுடன், கூகுளின் பெற்றோர் மேற்பார்வைச் செயலியான `Family Link` வழியாகவே கணக்கு தொடங்குகிறேன். குழுவுக்கான வெற்றுக் கோப்பை என் கணக்கில் உருவாக்கிவிட்டு, பிள்ளைகளுக்குத் திருத்தும் உரிமையை மட்டும் தருகிறேன். அவர்களே உருவாக்கியவற்றை மாதம் ஒருமுறை `Make a copy` கொடுத்து எடுத்துக்கொள்கிறேன். பழைய பதிப்புகளின் வரலாறு நகலில் வராது என்பது இதன் குறை. பள்ளிக்கு நிறுவனக் கணக்கு இருந்தால் `Shared drives` இதைவிட நல்லது, ஏனெனில் அங்கே கோப்புகள் மாணவருக்கு அல்ல, பள்ளிக்குச் சொந்தம்.

பள்ளிக் கணக்கை வீட்டிலிருந்து கட்டுப்படுத்த முயல்வது

பள்ளி தந்த கணக்கை `Family Link` மேற்பார்வையில் கொண்டுவர இயலாது. அதன் கட்டுப்பாடு பள்ளி நிர்வாகியிடம் இருப்பதால், கேட்க வேண்டியதை அவரிடம் கேளுங்கள்.

அம்மாவின் கணக்கில் வீட்டுப்பாடம்

பிள்ளையின் கையில் அம்மாவின் அஞ்சல், படங்கள் எல்லாமே திறந்து கிடக்கும்.

`Anyone with the link` + `Editor`

இணைப்பு கிடைத்த எவரும் கோப்பைத் திருத்தலாம் என்ற இந்தப் பகிர்வு வேண்டவே வேண்டாம்.