ஆஃபர் கையில், இன்னொரு ரிசல்ட் பாக்கி: நாலு நாள் அவகாசம் கேட்பது எப்படி?

ஒரு புதன்கிழமை காலையில் சித்தி மகள் போன் செய்தாள். பெருங்குடியில் ஒரு கம்பெனி ஆஃபர் அனுப்பிவிட்டது. வெள்ளி மாலை 5 மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். ஆனால் அவள் மனசெல்லாம் கோயம்புத்தூர் வேலை மேல். அங்கே கடைசி ரவுண்டு முடிந்து ஒரு வாரம் ஆகியும் பதில் இல்லை. "பேசாம அக்செப்ட் பண்ணிட்டு, அது கிடைச்சா இதை வேண்டாம்னு சொல்லிடவாக்கா?" என்றாள். அது வேண்டாம் என்றேன். அன்று செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. மெயிலில் தேதியைப் பாருங்கள்

ஆஃபர் மெயிலில் பெரும்பாலும் இரண்டு தேதி இருக்கும். ஒன்று பதில் சொல்லக் கடைசி நாள், மற்றது வேலையில் சேரும் நாள். உங்களுக்கு நீட்டிக்க வேண்டியது முதல் தேதி மட்டும்தான். சேரும் நாள் மாறாது என்று தெரிந்தாலே ஹெச்.ஆருக்குப் பாதி கவலை தீர்ந்துவிடும். சம்மதம் சொல்ல லிங்க் கொடுத்திருந்தால், அது எப்போது காலாவதியாகும் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. முதல் போன் இரண்டாவது கம்பெனிக்கு

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கே எப்போது முடிவு வரும் என்று தெரியாமல் இங்கே எந்தத் தேதியைக் கேட்பீர்கள்? அவள் கோயம்புத்தூர் ஹெச்.ஆரிடம் சொன்னது இவ்வளவுதான்: "சார், எனக்கு வேறொரு இடத்தில் ஆஃபர் வந்திருக்கிறது. ஆனால் உங்கள் வேலையில்தான் எனக்கு விருப்பம். முடிவு எப்போது தெரியும் என்று சொன்னால் அவர்களிடம் அதற்கேற்ப நேரம் கேட்பேன்." செவ்வாய்க்குள் சொல்வதாகப் பதில் வந்தது. கையில் ஆஃபர் உள்ளவரை இழக்க விரும்பாத கம்பெனி, இப்படிக் கேட்டால் கொஞ்சம் வேகமாகவே நகரும்.

3. தேதியும் மணியும் முடிவு செய்யுங்கள்

செவ்வாய் என்றால் ஒரு நாள் கூடுதலாக வைத்து, புதன் மதியம் 12 மணி என்று தீர்மானித்தோம். நடுவில் சனி, ஞாயிறு வருவதால் கம்பெனிக்கு இது மூன்று வேலை நாள்கூட இல்லை. "கொஞ்சம் டைம் வேணும்" என்று மொட்டையாகக் கேட்டால், எவ்வளவு என்று தெரியாமலேயே மறுத்துவிடுவார்கள். இரண்டாவது முறை கேட்பது கடினம், அதனால் ஒரே தடவையில் போதுமான நாளைக் கேளுங்கள்.

4. அன்றே போன் செய்யுங்கள்

வெள்ளி மாலை நாலரைக்குக் கேட்டால், ஹெச்.ஆர் மேலே பேசி அனுமதி வாங்க நேரமே இருக்காது. அவள் புதன் மதியமே கூப்பிட்டாள்.

"மேடம், ஆஃபருக்கு ரொம்ப நன்றி. இன்னொரு இடத்தில் கடைசி ரவுண்டு முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறேன். அடுத்த புதன் மதியம் 12 மணிக்குள் உறுதியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். சேரும் தேதியில் மாற்றம் இருக்காது."

"எந்தக் கம்பெனிம்மா?"

"பெயர் சொல்வது சரியாக இருக்காது மேடம், மன்னிக்கணும்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றெல்லாம் கதை கட்டாதீர்கள். அடுத்த வாரம் "பாட்டி எப்படி இருக்காங்க?" என்று கேட்டால் திணற வேண்டியிருக்கும். சம்பளப் பேச்சையும் இதே போனில் எடுக்காதீர்கள். நேரம் கேட்பது ஆஃபரை மறுப்பதாகாது. நிபந்தனையை மாற்றச் சொன்னால் அது நீங்கள் வைக்கும் எதிர் ஆஃபராகிவிடக்கூடும்.

5. பேசியதை மெயிலில் எழுதுங்கள்

போன் வைத்த கையோடு நாலு வரி: நன்றி, எதற்காக நேரம், எந்தத் தேதி, லிங்க்கையும் அதுவரை நீட்டிக்கும்படி வேண்டுகோள். வாயால் சரி என்றவர் மறுநாள் லீவில் போனால், வெள்ளி மாலை லிங்க் தானாக மூடிக்கொள்ளும். எழுத்தில் "சரி" என்று வரும்வரை பழைய கெடு அப்படியே இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டால் ஆஃபரே போய்விடுமா? போகலாம், அது அபூர்வம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 5ஆம் பிரிவின்படி, நீங்கள் சம்மதத்தை அனுப்பும்வரை அவர்கள் ஆஃபரைத் திரும்பப் பெறலாம். அதனால் இந்த வேலை போனால் அடுத்த மாதம் வாடகைக்கே வழியில்லை என்பவர்கள் யோசித்துக் கேளுங்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள், எந்த ஆஃபரையும் ஏற்காமல் ராஜினாமா கொடுத்துவிடாதீர்கள்.

6. கொடுத்த நாளுக்குள் முடித்துவிடுங்கள்

பெருங்குடியில் புதன் தரவில்லை, செவ்வாய் மாலை 6 மணி தந்தார்கள். செவ்வாய் மதியம் 3 மணிக்கு அவள் கோயம்புத்தூரைக் கூப்பிட்டாள். "பட்ஜெட் அப்ரூவல் வரணும்மா, இன்னும் பத்து நாள் ஆகலாம்" என்றார்கள். இன்னொரு தடவை நேரம் கேட்கவா என்று கேட்டாள். பத்து நாளை யாரும் தர மாட்டார்கள் என்றேன். நாலே முக்காலுக்கு சம்மதத்தை அனுப்பினாள். பெருங்குடியிலிருந்து உறுதி மெயில் வந்ததும், கோயம்புத்தூருக்கு, தன்னைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி இரண்டு வரி எழுதிப் போட்டாள்.