ஒன்லைனில் வாங்கிய வாஷிங் மெஷின் பழுதானால் முதலில் யாரைக் கேட்பது?

புது மெஷின் முதல் வாரத்திலேயே நின்றுவிட்டால், பலரும் உடனே அழைப்பது பெட்டியில் அச்சிட்டிருக்கும் கொம்பனி இலக்கத்துக்குத்தான். முதல் தவறே அதுதான். ஓடர் எடுத்த தளத்தில் பொருளைத் திருப்பி அனுப்பச் சில நாட்கள்தான் தருவார்கள், பொருள் கையில் கிடைத்த நாளிலிருந்தே அந்தக் கணக்கு ஓடும். டெக்னீசியன் வரும்வரை காத்திருந்து, பிறகு பாகம் வரும்வரை காத்திருந்தால் அந்த நாட்கள் போய்விடும். அதற்குப் பிறகு கிடைப்பது திருத்தம் மட்டும்தான். பணத்தையோ மாற்று மெஷினையோ கேட்டால் கைவிரிப்பார்கள்.

வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குத் திங்கட்கிழமை முன்பக்கக் கதவுள்ள மெஷின் வருகிறது, திருப்பி அனுப்ப 7 நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை மெஷின் பாதியில் நின்று திரையில் பிழைக் குறியீடு காட்டுகிறது. அன்றிரவே ஓடர் பக்கத்தில் திருப்பி அனுப்பும் கோரிக்கையைப் பதிய வேண்டும். பிழைக் குறியீடு தெரியும் சிறு வீடியோவும், சீரியல் இலக்கம் உள்ள ஸ்டிக்கரின் படமும் போதும். கொம்பனிக்கு அழைப்பது மறுநாள். வருகிற டெக்னீசியனிடம், “திருத்த வேண்டாம், பார்த்துவிட்டு என்ன பழுது என்று ஜொப் ஷீட்டில் எழுதித் தாருங்கள்” என்று சொல்லிவிடுங்கள். அவர் திருத்திவிட்டுப் போனால், மெஷின் வேலை செய்கிறதே என்று தளம் கோரிக்கையை மூடிவிடும்.

அழைக்குமுன் ஒன்றைப் பாருங்கள். இந்த வகை மெஷினின் பின்புறத்தில், டிரம் ஆடாமல் பிடிக்கப் பெரும்பாலும் நான்கு நீளமான போக்குவரத்து போல்ட்டுகள் இருக்கும். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் சுழலும்போது மெஷின் குதித்து நகரும், பயங்கரச் சத்தமும் வரும். அது பொருத்தியதில் வந்த பிழை, வாரன்டிக்குள் வராது. கழற்றிய போல்ட்டுகளை வீசிவிடாதீர்கள். மெஷினைத் திருப்பி அனுப்பும்போது அவை மீண்டும் வேண்டும்.

திருப்பி அனுப்பும் நாட்கள் கடந்துவிட்டால், வாரன்டி தந்தவர் யார் என்பதுதான் கேள்வி. பொருளின் பக்கத்தில் Brand Warranty என்றிருந்தால் இலங்கை ஏஜென்டிடம் போகலாம். Local Seller Warranty என்றால் பொறுப்பு கடைக்காரருடையது. ஏஜென்டின் ஷோரூமில் போய்ச் சண்டை பிடித்துப் பயனில்லை. வேறு வழியாக இறக்குமதியான மெஷினில் பெயரும் மொடலும் ஒன்றாகவே இருக்கும், ஆனால் ஏஜென்டின் பதிவில் சீரியல் இலக்கம் இருக்காது. அதனால் பொருள் வந்த அன்றே ஏஜென்டுக்கு அழைத்து, சீரியலைச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது. பதிவில் இல்லையென்றால், Brand Warranty என்று போட்டு விற்றதே திருப்பி அனுப்பக் காரணம். அப்போது கையில் நாட்களும் இருக்கும்.

கடைக்காரரோடு பேசுவதைத் தளத்தின் சட் பக்கத்தில் எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். போனில் “கொண்டுவாங்க, பார்ப்போம்” என்றதற்குச் சாட்சி கிடையாது. புறக்கோட்டைக் கடைக்கு 60 கிலோவுக்கு மேற்பட்ட மெஷினைக் கொண்டுபோகும் செலவு யாருடையது என்பதையும் அங்கேயே எழுதிக் கேளுங்கள்.

“10 வருட மோட்டர் வாரன்டி” என்ற ஸ்டிக்கரை நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. அது பெரும்பாலும் மோட்டர் என்ற பாகத்துக்கு மட்டும்தான். முழு வாரன்டி முடிந்த பிறகு எலெக்ட்ரோனிக் போர்ட்டோ தண்ணீர் வெளியேற்றும் பம்போ போனால், பாகமும் கூலியும் உங்கள் செலவு. மின்னழுத்தம் ஏறி எரிந்த போர்ட்டையும் எலி கடித்த வயரையும் முழு வாரன்டி காலத்திலேயே பல கொம்பனிகள் ஏற்பதில்லை.

டெலிவரிக்காரர் தரும் துண்டைப் பில் என்று நினைத்து வைத்திருப்பவர்களும் உண்டு. அதில் விற்றவரின் பெயர்கூட இருக்காது. வாங்கியவர் கேட்டால் திகதி, அளவு, விலை எழுதிய பற்றுச்சீட்டை வியாபாரி கொடுத்தாக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. அதில் சீரியல் இலக்கத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வாங்கிய அன்றே பொருளின் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், ஏனென்றால் விற்பனையாளர் வாரன்டி வரியைப் பிறகு மாற்றிவிட முடியும்.

கடைக்காரர் இழுத்தடித்தால் நுகர்வோர் அதிகாரசபைக்குப் போகலாம். 1977க்கு அழைத்து விசாரிக்கலாம், ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டம் கேட்பதால், “அடுத்த கிழமை பாகம் வரும்” என்ற பதிலோடு இரண்டு மாதம் போய்விட்டால் இனிக் காத்திருக்க வேண்டாம். முறைப்பாட்டில் பில்லில் உள்ள விற்பனையாளரின் பெயரை முதலில் எழுதி, பில், ஜொப் ஷீட், சட் பக்கங்கள் ஆகியவற்றின் பிரதிகளைச் சேர்த்துக் கொடுங்கள்.